வாரிமுடி: ஒரு மூலிகைத் தலையெண்ணெய்க்குப் பேரும் ஒரு வரி வாக்கும் வைத்த அனுபவம்

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு மகளிர் குழு. தோப்புத் தேங்காயைக் கொப்பரையாக்கி, செக்கில் ஆட்டி, அதில் மூலிகை காய்ச்சி தலையெண்ணெய் செய்கிறார்கள். தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுத்துக்கொண்டிருந்ததைக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று முடிவாகி, லேபிள் அடிக்க என்னிடம் வந்தார்கள். நான் கோவையில் சின்னத் தயாரிப்பாளர்களுக்கு லேபிளும் டப்பா வடிவமும் செய்து கொடுக்கிறவன். குழுவை நடத்தும் அக்கா எனக்குத் தூரத்துச் சொந்தம். அவர் நோட்டுத் தாளில் எழுதிக் கொண்டுவந்தது இதுதான்:

"கேச வளர்ச்சித் தைலம். 21 நாளில் முடி உதிர்வு நிற்கும். வழுக்கையிலும் முடி முளைக்கும். இளநரை மறையும். பொடுகு நீங்கும். பக்க விளைவு இல்லாதது. 100 சதவீதம் இயற்கை."

சந்தையில் இருக்கிற பாதி மூலிகை எண்ணெய் லேபிள்கள் இப்படித்தான் இருக்கின்றன, அதைப் பார்த்துத்தான் அவரும் எழுதியிருந்தார். இந்த வாசகங்களை எடுத்துவிட்டு, வாங்குகிறவர் நம்பி வாங்கும்படி ஒரு பேரும் ஒரே ஒரு வரியும் எப்படி வந்தன என்பதை எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும்.

பேரைத் தொடுவதற்கு முன்னால் முடிவாக வேண்டிய விஷயம் ஒன்று உண்டு: இந்த எண்ணெய் எந்த உரிமத்தில் விற்கப்படப் போகிறது? சித்த அல்லது ஆயுர்வேத மருந்தாக விற்பதானால் அதற்கான மருந்து உரிமம் வேண்டும், தயாரிக்கும் இடம், ஆட்கள், ஆவணங்கள் எல்லாம் அந்தக் கணக்கில் இருக்க வேண்டும். அழகுசாதனப் பொருளாக விற்பதானால் 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் உரிமம் வாங்க வேண்டும், அல்லது உரிமம் உள்ள யூனிட்டில் முறைப்படி செய்து வாங்க வேண்டும். வீட்டு அடுப்பில் காய்ச்சியதை அப்படியே பாட்டிலில் ஊற்றி லேபிள் ஒட்டிக் கடையில் வைத்தால், வாசகம் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் அது செல்லாது. குழு இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்து, உரிமம் உள்ள ஒரு யூனிட்டோடு பேசி முடித்தது. அதன் பிறகுதான் நான் பேப்பரும் பேனாவும் எடுத்தேன், ஏனென்றால் அந்த முடிவிலேயே லேபிளில் என்ன சொல்லலாம் என்பதில் முக்கால்வாசி அடங்கிவிடுகிறது. 1940-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அழகுசாதனப் பொருள் என்பது உடம்பில் தேய்த்தோ ஊற்றியோ தெளித்தோ சுத்தப்படுத்தவும், அழகுபடுத்தவும், தோற்றத்தை மாற்றவும் பயன்படுவது. நோயைப் போக்குவதும் உடம்பின் இயக்கத்தை மாற்றுவதும் அந்த வரையறைக்குள் வராது. அழகுசாதன உரிமத்தில் செய்த பாட்டிலில் "முடி முளைக்கும்" என்று எழுதிய நொடியில் நீங்கள் உரிமம் இல்லாமல் மருந்து விற்கிறீர்கள் என்று ஆகிவிடும்.

மருந்து உரிமம் வாங்கிவிட்டால் அதை எழுதலாமே என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் ஷெட்யூல் ஜே என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஒரு மருந்து எந்தெந்த நோய்களைத் தடுக்கும், குணமாக்கும் என்று சொல்லிக்கொள்ளக்கூடாது என்பதற்கான பட்டியல் அது. புற்றுநோய், ஆஸ்துமா போன்றவற்றோடு அதே வரிசையில் வழுக்கையும், முடியின் நிறம் மாறுவதும் புது முடி முளைப்பதும், இளநரையும் இருக்கின்றன. மருந்துக்கே இந்த வேலி என்றால் தலையெண்ணெய்க்குக் கேட்கவே வேண்டாம். நோட்டுத் தாளில் இருந்த மூன்று வாக்கியங்கள் அங்கேயே அடிபட்டன.

சட்டம் வேண்டாம் என்கிறது, சரி. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது, எண்ணெய் உண்மையில் என்ன செய்கிறது என்பது. அதைத் தெரிந்துகொள்ளாமல் வாக்குக் கொடுக்க முடியாது.

அவர்கள் செய்முறை எளிமையானது. தேங்காய் எண்ணெயில் கரிசலாங்கண்ணிச் சாறு, கறிவேப்பிலை, செம்பருத்திப் பூவும் இலையும், கொஞ்சம் வெந்தயம். அடிகனமான உருளியில் சிறு தீயில் வைத்து, சாற்றின் ஈரம் முழுக்க வற்றும்வரை கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். நுரை அடங்கி, சடசடப்பு நின்று, அடியில் தங்கிய வண்டலை விரலில் எடுத்து உருட்டினால் மெழுகு மாதிரி திரண்டு வர வேண்டும். ஒரு திரியை எண்ணெயில் நனைத்துக் கொளுத்தினால் படபடவென்று வெடிக்காமல் நின்று எரிய வேண்டும், வெடித்தால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது, அது பாட்டிலுக்குள் போனால் நாளாக நாளாகப் பூசணம் பிடித்து வாடை மாறும். இந்தப் பக்குவத்தையெல்லாம் பார்த்தால் அவர்களுடைய கைநேர்த்தி தெரிகிறது. ஆனால் கடைசியில் வடிகட்டி வருவது பெரும்பாலும் தேங்காய் எண்ணெய்தான், கரிசாலையின் பச்சையும் வெந்தய வாசமும் ஏறிய தேங்காய் எண்ணெய்.

தேங்காய் எண்ணெய் முடிக்கு என்ன செய்கிறது என்பது ஓரளவு நன்றாகத் தெரிந்த விஷயம். அதில் நிறைந்திருக்கும் லாரிக் அமிலம் சின்ன மூலக்கூறு, நேர்கோட்டு அமைப்பு கொண்டது, அதனால் முடித்தண்டுக்குள்ளேயே போகிறது. 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெயையும் சூரியகாந்தி எண்ணெயையும் மினரல் ஆயிலையும் ஒப்பிட்டபோது, தலை அலசும்போதும் சீவும்போதும் முடி இழக்கும் புரதத்தைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே கணிசமாகக் குறைத்தது. வெளிப்பக்கத்தில் ஒரு படலமாக நின்று உராய்வையும் குறைக்கிறது. ஆக, வறட்சி குறையும், சிக்கு எளிதாகப் பிரியும், சீப்பு வழுக்கிக்கொண்டு போகும். இவை நடப்பதைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். வெளியே தெரிகிற முடித்தண்டு உயிரற்றது, முடியை வளர்ப்பது தோலுக்கடியில் இருக்கிற வேர்ப்பை. அந்த வேர்ப்பையில் எங்கள் பாட்டில் எண்ணெய் ஏதாவது மாற்றம் செய்யும் என்று காட்ட எங்களிடம் எந்தச் சோதனையும் இல்லை. கரிசாலை முடிக்கு நல்லது என்று தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள், அதை நானும் மதிக்கிறேன், ஆனால் ஊரில் ஒரு வழக்கம் இருப்பதும் இந்த பாட்டிலில் இந்த அளவில் இருப்பது வேலை செய்யும் என்று அச்சடித்துக் கொடுப்பதும் வேறு வேறு.

அக்கா இதை உடனே ஏற்கவில்லை. "ஏந் தம்பி, எங்க எண்ணெய வச்சு முடி கொட்டறது நின்னுச்சுன்னு எத்தனை பேர் சொல்லியிருக்காங்க, அவங்க எல்லாம் பொய்யா சொல்றாங்க?" என்றார். பொய் சொல்லவில்லை. இங்கேதான் இந்தத் துறையில் மிகையான விளம்பரங்கள் எல்லாம் முளைக்கும் இடம் இருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. இது போக, பிரசவம், டெங்கு போன்ற கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, திடீர் பட்டினி உணவுமுறை இவற்றுக்குப் பிறகு ஏராளமான முடி ஒரே சமயத்தில் ஓய்வு நிலைக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக உதிரும். காய்ச்சல் வந்ததையே மறந்துபோன நேரத்தில் குளியலறை வடிகால் அடைத்துக்கொள்ளும் அளவுக்குக் கொட்டுகிறது, பயந்துபோய் எண்ணெய் தேடுகிறார்கள். அந்த உதிர்வு பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் தானாகவே அடங்கிவிடும். உச்சத்தில் இருக்கும்போது எண்ணெய் வாங்கித் தேய்க்க ஆரம்பிக்கிறவருக்கு, அடங்குவதும் எண்ணெய் தேய்ப்பதும் ஒரே காலத்தில் நடக்கின்றன. அவர் மனதார எண்ணெயால்தான் நின்றது என்று சொல்கிறார். அந்தப் பெண்கள் அக்காவிடம் சொன்னவை எல்லாம் உண்மையான அனுபவங்கள், காரணம் மட்டும் வேறாக இருக்கலாம். யாரெல்லாம் சொன்னார்கள் என்று அக்காவையே நினைவுபடுத்தச் சொன்னேன். முதலில் சொன்ன இரண்டு பேருமே பிள்ளை பெற்று நாலைந்து மாதம் ஆனவர்கள். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்பச் சரி, அத எடுத்துரு" என்றார்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. சீப்பில் வருகிற முடியெல்லாம் வேரோடு உதிர்ந்ததல்ல. ஒரு முடியை எடுத்து வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பார்த்தால், ஒரு நுனியில் சின்னதாக வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு வந்தது. இரண்டு நுனியும் மொட்டையாக, துண்டு நீளமும் குட்டையாக இருந்தால் நடுவில் உடைந்தது. உடைவதற்குக் காரணம் உராய்வு, வறட்சி, ஈரத்தலையை முரட்டுத்தனமாகச் சீவுவது, சாயம், ஸ்ட்ரெய்ட்னிங் இவைதான். எண்ணெயால் குறைய வாய்ப்பு உள்ளது இந்த இரண்டாவது வகை மட்டும். வாங்குகிறவர்கள் இரண்டையும் "முடி கொட்டுது" என்றுதான் சொல்வார்கள், அதனால் லேபிளில் அந்தச் சொல் வந்தாலே அவர்கள் முதல் வகையைத்தான் நினைப்பார்கள்.

பொடுகையும் அங்கேயே எடுத்துவிட்டோம். பொடுகோடு தொடர்புள்ள மலாசீசியா என்ற பூஞ்சை தலைத்தோலின் கொழுப்பைத் தின்று வாழ்வது, எண்ணெய் வைத்தால் சிலருக்குப் பொடுகு கூடவே செய்யும். பொடுகு நீங்கும் என்பது, வாங்கித் தேய்த்த ஆளுக்கு அரிப்பைக் கூட்டிவிடக்கூடிய வாசகம்.

இனி பேர். பேர் வைக்கிறபோது பலர் கவனிக்காத ஒன்று, பேரே ஒரு வாக்குறுதியாக இருக்கலாம் என்பது. கீழே எவ்வளவு அடக்கமாக ஒரு வரி எழுதினாலும், மேலே பெரிய எழுத்தில் "கேச வளர்ச்சி" என்று இருந்தால் வளர்ச்சியை விற்கிறோம் என்றுதான் அர்த்தம். அழகுசாதன விதிகளும், வாங்குகிறவருக்குப் பொய்யான அல்லது தவறான எண்ணத்தைத் தரும் எதையும் பொருள் சொல்லிக்கொள்ளக்கூடாது என்கின்றன. எண்ணம் பேரில் இருந்து வந்தாலும் படத்தில் இருந்து வந்தாலும் ஒன்றுதான்.

அதனால் ஒரு முறை வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு பேரையும் தனித்தனி அட்டையில் எழுதி, வேறு எந்த வாசகமும் இல்லாமல், வாரச்சந்தையில் காய் வாங்க வருகிற பெண்களிடமும் டீக்கடையில் நிற்கிற ஆண்களிடமும் காட்டி ஒரே ஒரு கேள்வி: "இது ஒரு தலையெண்ணெய். இதத் தேச்சா என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?" அவர்கள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். நாம் எடுத்துக் கொடுக்கக்கூடாது, பேர் நல்லா இருக்கா என்று கேட்கவும் கூடாது, கேட்டால் எல்லோரும் நல்லா இருக்கு என்பார்கள். பதிலில் வளரும், முளைக்கும், கருக்கும், நிற்கும், குணமாகும் என்ற வார்த்தைகளில் ஒன்று திரும்பத் திரும்ப வந்தால் அந்தப் பேர் வேண்டாம்.

"கருங்குழல்" எனக்குப் பிடித்த பேர், கேட்கவும் அழகு. காட்டின உடனே "நரை போயிருமா?" என்று கேட்டார்கள். போயிற்று. "வேர்பலம்" என்பதற்கு "முடி கொட்டறது நிக்கும்" என்ற பதில் கிட்டத்தட்ட எல்லோரிடமும். "அடர்வனம்" என்று குழுவில் ஒரு கல்லூரிப் பெண் சொன்னாள், எழுத்தில் பார்க்க நன்றாக இருந்தது, ஆனால் "காடு மாதிரி வளரும்" என்று ஓர் ஆயா சிரித்துக்கொண்டே சொன்னதும் அதையும் எடுத்து வைத்தோம். "பாட்டி வைத்தியம்" என்பதில் வைத்தியம் என்ற சொல்லே மருந்து. தைலம் என்பதும் அப்படியே. எண்ணெய்க்குத் தைலம் என்பது பழைய சொல்தான், ஆனால் இன்றைக்கு நம் வீடுகளில் தைலம் என்றால் தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் தடவுவது. அந்தச் சொல்லை லேபிளில் எங்கேயும் வைக்கவில்லை, "எண்ணெய்" என்றே எழுதினோம்.

இந்தப் பதில்களை எல்லாம் வைத்துப் பார்த்தபோது ஒன்று தெளிவானது. முடி எப்படி ஆகும் என்பதைச் சொல்லும் பேர்கள் எல்லாம் வாக்குறுதியாக மாறுகின்றன. எண்ணெய் வைக்கிற பழக்கத்தை, அந்த நேரத்தைச் சொல்லும் பேர்களில் அந்தச் சிக்கல் வரவில்லை. எண்ணெய் எப்போது வைக்கிறோம்? காலையில் தலை வாரி முடிவதற்கு முன்னால். குழுவில் ஒரு பெண் பேச்சுவாக்கில், "வாரி முடியறதுக்குள்ள பஸ்ஸு போயிருது" என்றாள். "வாரிமுடி" என்று அட்டையில் எழுதிக் காட்டினோம். "தலை சீவறதுக்கு முன்னால வைக்கறதுங்களா?" "சிக்கு வராதுன்னு சொல்றாங்களாட்ட." இதைத்தான் எண்ணெய் செய்கிறது, பேரைக் கேட்டவர் எதிர்பார்ப்பதும் இதைத்தான். ஒரு சிலர் ஆண்கள் வாரி முடிய மாட்டார்களே என்றார்கள். அது உண்மை, இந்தப் பேர் பெண்கள் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. குழுவின் வாடிக்கையாளர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள்தான் என்பதால் அதை ஏற்றுக்கொண்டோம்.

பேர் மனதுக்குப் பிடித்தவுடன் அச்சுக்கு ஓடக்கூடாது. வணிகச் சின்னப் பதிவேட்டில் தேட வேண்டும், அது இணையத்தில் இலவசம். தலையெண்ணெய் மூன்றாம் வகுப்பில் வரும், மருந்து எண்ணெய் ஐந்தாம் வகுப்பில், இரண்டிலும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அடுத்த வகுப்பில் இருக்கும் நெருங்கிய பேரும் ஆட்சேபம் எழுப்பலாம். எழுத்து அப்படியே ஒத்திருக்கிறதா என்பதோடு ஒலியில் ஒத்திருக்கிறதா என்றும் தேட வசதி உண்டு. நாங்கள் Vaarimudi, Varimudi, Vari Mudi என்று எல்லா விதமாகவும் போட்டுப் பார்த்தோம். ஒரே ஒரு a வைத்து Varimudi என்று எழுதினால் "வரி" என்று படிக்கிறார்கள், அதனால் லேபிளில் Vaarimudi. "மூலிகைக் கூந்தல் எண்ணெய்" போன்று பொருளையே விவரிக்கும் சொற்களை யாரும் தனக்கென்று பதிவு செய்துகொள்ள 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டம் சாதாரணமாக விடாது. தனித்த பேர் வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு காரணம். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000.

இனி அந்த ஒரு வரி. இதற்குத்தான் அதிக நேரம் போனது.

அக்காவின் முதல் திருத்தம்: "வேர்க்கால்களுக்கு ஊட்டம் தந்து முடி வளர உதவும்." உதவும் என்று சேர்த்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். "முடி வளர உதவும்" என்பதைப் படிக்கிறவர் "முடி வளரும்" என்றுதான் நினைவில் வைத்துக்கொள்கிறார், உதவும் என்ற சொல் காதில் விழுவதே இல்லை. வேர்க்கால் என்று சொன்னதும் தோலுக்கடியில் வேலை செய்கிறோம் என்று ஆகிவிடுகிறது. அடுத்தது: "உடைவதால் ஏற்படும் முடி உதிர்வைக் குறைக்கும்." இது பெரிய கம்பெனிகள் பயன்படுத்தும் வகை, கீழே பொடி எழுத்தில் ஆய்வக விவரம் இருக்கும். சொல்வது உண்மையாக இருக்கக்கூடும், ஆனால் அதற்கு முறையான ஆய்வகச் சோதனை கையில் வேண்டும், எங்களிடம் இல்லை. இருந்தாலும் வைத்திருக்க மாட்டேன், ஏனென்றால் பெரிய எழுத்தில் கண்ணில் படுவது "முடி உதிர்வைக் குறைக்கும்" என்பதுதான். 2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்களும் பெரிய எழுத்தில் சொன்னதைச் சின்ன எழுத்தில் மாற்றக்கூடாது என்கின்றன.

அப்போது ஒரு விதி போட்டுக்கொண்டேன்: வாங்குகிறவர் தன் வீட்டில், தன் கையால், முதல் தடவை தேய்த்த அன்றே சரிபார்க்கக்கூடியதை மட்டும் சொல்வது. அந்த வடிகட்டியில் நின்றவை இரண்டு: மென்மை, சிக்கெடுப்பது. இவை எங்கள் எண்ணெயில் உண்மையா என்று பார்த்துவிட்டுத்தான் எழுதுவது என்று முடிவு செய்தோம்.

பார்த்த விதம் இது. அழகு நிலையத்தில் இருந்து, சாயம் போடாத, ஒரே தலையில் வெட்டிய நீள முடியை வாங்கி, தலா 10 கிராம் வீதம் இரண்டு கட்டுகளாக நூலால் இறுகக் கட்டினோம். இரண்டையும் ஒரே ஷாம்பூவில் அலசி, நிழலில் காய வைத்தோம். ஒன்றில் மட்டும் உள்ளங்கையில் பரப்பிய சில சொட்டு எண்ணெயைத் தடவி ஓர் இரவு விட்டோம். மறுநாள் இரண்டையும் ஒரே மாதிரிக் கசக்கிச் சிக்காக்கி, வெள்ளைத் துணிக்கு மேலே பிடித்து, ஒரே சீப்பால் ஒரே ஆள், ஒவ்வொன்றுக்கும் ஒரே எண்ணிக்கையில் நுனியில் இருந்து மேல்நோக்கிச் சீவினார். துணியில் விழுந்த துண்டுகளைப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்தது, எண்ணெய் இல்லாத கட்டின் கீழே குட்டைத் துண்டுகள் கண்ணுக்குத் தெரியும்படி அதிகம், சீப்பும் அடிக்கடி மாட்டி நின்றது. அப்புறம் குழுப் பெண்களே தங்கள் தலையில் ஒரு பக்கம் எண்ணெய் வைத்தும் ஒரு பக்கம் வைக்காமலும் சீவிப் பார்த்தார்கள், அதிலும் அதேதான்.

இந்தச் சோதனைக்கு எல்லை உண்டு. சீவுகிறவருக்கு எதில் எண்ணெய் இருக்கிறது என்று கையிலேயே தெரிந்துவிடுகிறது, அதனால் அறியாமலே அந்தக் கட்டை மென்மையாகச் சீவியிருக்கலாம். மேலும் வெறும் தேங்காய் எண்ணெய் தடவிய மூன்றாவது கட்டையும் வைத்துப் பார்த்தோம், அதற்கும் எங்கள் எண்ணெய்க்கும் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. இந்த முடிவு அக்காவுக்குப் பிடிக்கவில்லை, ஆனால் வாசகத்தை முடிவு செய்ததே அதுதான்: மூலிகையால் மென்மை வருகிறது என்று எழுத முடியாது, எண்ணெயால் வருகிறது என்றுதான் எழுத முடியும். "சாதாரண எண்ணெயைவிட இருமடங்கு" போன்ற ஒப்பீடுகளும், சதவீதக் கணக்குகளும் இந்தச் சோதனையில் இருந்து வரவே வராது. எண்ணெய் வைத்தால் சீவ எளிது என்று சொல்ல மட்டும் இது போதும்.

வரி இப்படி உருமாறியது. "சிக்கே இல்லாத பட்டுக் கூந்தல்" என்பதில் "சிக்கே இல்லாத" என்பது முழு உத்தரவாதம், சுருள்முடி உள்ளவருக்கு அது நடக்காது. "சிக்கின்றி வார உதவும்" என்பதிலும் அதே குறை. கடைசியில்:

"வறண்ட முடியை மென்மையாக்கும், சிக்கெடுத்து வார எளிதாக இருக்கும்."

யாருடைய முடிக்கு என்பது முதல் சொல்லிலேயே இருக்கிறது, எண்ணெய்ப் பிசுக்குத் தலை உள்ளவர் இது தனக்கில்லை என்று புரிந்துகொள்வார். சிக்கு இருக்கும், எடுக்க எளிது என்பதால் முழு உத்தரவாதமும் இல்லை. பேரும் வரியும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன: வாரிமுடி, வார எளிது.

லேபிளின் மற்ற வாசகங்களும் இதே கத்தரியில் வெட்டுப்பட்டன. "பக்க விளைவு இல்லாதது" போனது, மூலிகைக்கும் சிலருக்கு ஒவ்வாமை வரும். அதற்குப் பதில், "முதல் முறை பயன்படுத்தும் முன் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள், அரிப்போ சிவப்போ வந்தால் பயன்படுத்த வேண்டாம்." "100 சதவீதம் இயற்கை"யும் போனது, யூனிட்டில் எண்ணெய் காறாமல் இருக்க வைட்டமின் ஈ சேர்க்கிறார்கள், அது எங்கிருந்து வருகிறது என்பது எங்களுக்குக் காட்ட முடியாத விஷயம். பொருள்களின் பட்டியலில் தேங்காய் எண்ணெய் முதலில், மற்றவை அளவு குறைகிற வரிசையில். "மூலிகை சேர்த்த தேங்காய் எண்ணெய், கூந்தலுக்கு" என்று பேருக்குக் கீழே எழுதினோம். மூலிகை என்ற சொல் அதற்குரிய இடத்தில் இருக்கிறது, தேங்காய் எண்ணெயும் மறையவில்லை. அட்டைப்படத்துக்கு முழங்கால்வரை முடி தொங்குகிற பெண்ணின் படம் வேண்டும் என்று ஒருவர் கேட்டார், அதுவும் சொல்லாமல் சொல்கிற வளர்ச்சி வாக்குறுதிதான். மரச்சீப்பும் ஒரு கரிசாலைக் கொத்தும் வரைந்து கொடுத்தேன்.

அக்காவின் பெரிய கவலை ஒன்றுதான்: "முடி வளரும்னு போடாம எவ வாங்குவா?" அதற்கு என்னிடம் இருந்த பதில் சந்தையில் கேட்டது. அட்டையைப் பார்த்த பெண்களில் பலர், கேட்காமலேயே, ஏற்கெனவே வளரும் என்று வாங்கி ஏமாந்த கதையைச் சொன்னார்கள். அவர்கள் அந்த வாசகத்தை நம்பும் கட்டத்தைத் தாண்டிவிட்டார்கள். வளர்ச்சியை மட்டுமே தேடி வருகிறவர்கள் இந்த பாட்டிலை வாங்க மாட்டார்கள், அந்த விற்பனை போகத்தான் செய்யும், அதை அக்காவிடம் மறைக்கவில்லை. வாங்கிப் போகிறவர் திரும்ப வருவாரா என்பதில்தான் குழுவின் பிழைப்பு இருக்கிறது, முதல் பாட்டிலில் வாக்குப் பொய்த்துப்போனால் இரண்டாவது பாட்டில் இல்லை.

லேபிள் அச்சானதோடு வேலை முடியவில்லை, ஏனென்றால் லேபிளில் இருந்து எடுத்துவிட்ட வாசகங்கள் வாட்ஸ்அப்பில் உயிரோடு திரும்பி வரும். எண்ணெயை வாங்கி விற்கிற ஒருவர், "ஒரே மாசத்துல புது முடி" என்று முன்பு-பின்பு படத்தோடு ஸ்டேட்டஸ் வைத்தார், கீழே எங்கள் பாட்டில் படம். வாடிக்கையாளர் சொன்னதைத்தானே போட்டேன் என்றார். நம் பொருளை விற்கப் பயன்படுகிறபோது வாடிக்கையாளரின் சொல்லும் நம் விளம்பரமே. எடுக்கச் சொல்லி, எடுத்தார். அதன் பிறகு விற்பவர்களுக்கு அனுப்ப ஒரே ஒரு படமும் அந்த ஒரு வரியும் மட்டும் உள்ள கோப்பைக் கொடுத்து, இதைத் தவிர வேறு எதுவும் போடக்கூடாது என்று பேசி வைத்தார்கள்.

போனில் வரும் கேள்விக்கும் ஒரு பதில் எழுதி, போன் எடுக்கிற பெண்ணின் மேசையில் ஒட்டினோம். "முடி வளருமாங்க?" என்று கேட்டால்: "வளர வைக்கும்னு நாங்க சொல்றதில்லைங்க. முடி வறண்டு சிக்கு விழுந்தா, இத வச்சு வாரறதுக்கு லேசா இருக்கும். கொத்தா கொட்டுதுன்னா, வட்டமா சொட்டை விழுதுன்னா, தோல் டாக்டரப் பாருங்க, ரத்தச்சோகை தைராய்டு எல்லாம் காரணமா இருக்கலாம். பொடுகு அதிகமா இருந்தா இப்ப எண்ணெய் வேண்டாம்." போன் எடுக்கிற பெண் இதைப் படித்துவிட்டு, கடைசி வரியைச் சொன்னால் ஆள் வாங்காமல் வைத்துவிடுவாரே என்று கேட்டாள். அக்காவே பதில் சொன்னார்: "வச்சுட்டுப் போறாங்க, சொல்லு."

இப்போது மிச்சம் இருப்பது ஒரு சின்ன வேலை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைய ஆரம்பிக்கும், மார்கழியில் பொள்ளாச்சிக் காலையில் பாட்டில் கட்டியாகிவிடும், வாங்கினவர் கெட்டுப்போய்விட்டது என்று நினைப்பார். "குளிரில் உறைவது இயல்பு, வெந்நீரில் பாட்டிலைச் சிறிது நேரம் வைத்தால் உருகும்" என்ற வரியை அடுத்த அச்சில் பின்பக்கம் சேர்க்க இடம் ஒதுக்கியிருக்கிறேன், 50 மில்லி பாட்டிலில் அதற்கு இடம் போதவில்லை என்பதால் எழுத்தைக் குறைக்காமல் மூடியில் ஒரு சின்னச் சீட்டாகத் தொங்கவிடலாமா என்று அச்சகத்தில் விலை கேட்டிருக்கிறோம்.